'ஏழை', 'பணக்காரர்' இல்லாமல் ஏற்றத்தாழ்வுச் செய்தி எழுதுவது எப்படி? செய்தி டெஸ்க்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்றத்தாழ்வு பற்றிய செய்தியைத் திருத்தச் சொன்னால், டெஸ்க்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். 'ஏழை' என்று வரும் இடமெல்லாம் 'எளியோர்', 'பணக்காரர்' என்று வரும் இடமெல்லாம் 'செல்வந்தர்' என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நிமிர்ந்து உட்காருவார்கள். முடிந்திருக்காது. 'எளியோர்' என்பதில் பரிவு ஒட்டியிருக்கிறது, 'செல்வந்தர்' என்பதில் மரியாதை ஒட்டியிருக்கிறது, அதாவது தீர்ப்பு அப்படியே இருக்கிறது, சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

சார்பில்லாத சொல் அகராதியிலிருந்து வராது, செய்திக்கு அடியில் இருக்கும் அளவையிலிருந்துதான் வரும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். சொல்லைத் தேடுவது மூன்றாம் படியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் தாவினால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு ஒரு வரைவை வைத்துக்கொள்வோம். 2023-24க்கான வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வைத்து, அவசரத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"இந்தியாவில் பணக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் இடையிலான வருமான இடைவெளி மலைக்கும் மடுவுக்குமாக உள்ளது. நகரங்களில் கோடீஸ்வரர்கள் மாதம் ரூ.20,310 சம்பாதித்து ஆடம்பரமாக வாழும் நிலையில், ஏழை எளிய மக்கள் வெறும் ரூ.2,376-ல் காலம் தள்ளுகின்றனர்."

எண்கள் இரண்டும் சரி. மற்றது கிட்டத்தட்ட எல்லாமே தப்பு. எங்கே தப்பு என்று ஒவ்வொரு படியிலும் பார்ப்போம்.

## 0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அறிக்கையின் மூலப் பிரதி வேண்டும், ஏஜென்சி காப்பி போதாது. ஏஜென்சி காப்பியில் 'ரிச்', 'புவர்' என்று ஏற்கெனவே சுருக்கியிருப்பார்கள், அதைத் தமிழில் பெயர்த்தால் அவர்களுடைய தீர்ப்பைத்தான் நீங்கள் பெயர்க்கிறீர்கள். அட்டவணையின் தலைப்பு வரியும் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் விளக்கமும் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கால்குலேட்டர். சிரிக்காதீர்கள், நான்காம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

## 1. எதை அளந்தார்கள் என்று ஒரு சொல்லில் எழுதிவையுங்கள்

பொருளாதார ஏற்றத்தாழ்வுச் செய்திகளில் பெரும்பாலும் வரும் அளவைகள் நான்கு: வருமானம், செலவு, சொத்து, வாழ்க்கை வசதிகள். எது என்று தெரியாமல் 'பணக்காரர்' என்று எழுதினால் நான்கும் ஒரே ஆளாகிவிடும். நிஜத்தில் அப்படி இல்லை.

டெல்டாவில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் மதிப்பைப் பார்த்தால் அவர் சொத்துப் பட்டியலில் மேலே இருப்பார், தண்ணீர் வராத வருஷத்தின் வருமானத்தைப் பார்த்தால் வெகு கீழே போய்விடுவார். ஐடி கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கும் பெண்ணுக்கு நிலைமை நேர்மாறு: வருமானத்தில் மேலே, கல்விக் கடன் இருந்தால் சொத்துக் கணக்கில் பூஜ்யத்துக்கும் கீழே. இருவரில் யார் பணக்காரர் என்பது கேள்வியே இல்லை, எந்தத் தராசில் என்பதுதான் கேள்வி.

எண்களிலும் இது பளிச்சென்று தெரியும். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் மேலே உள்ள 1 சதவீதத்தினரின் பங்கு 22.6 சதவீதம், மொத்தச் சொத்தில் அவர்கள் பங்கு 40.1 சதவீதம். இரண்டையும் 'பணக்காரர்களின் பங்கு' என்று எழுதினால் வாசகருக்கு எந்த எண் எதற்கு என்றே புரியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: வருமானத்தில் மேலே உள்ள 1 சதவீதமும் சொத்தில் மேலே உள்ள 1 சதவீதமும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 'அவர்கள்' என்று ஒரே பிரதிப்பெயரால் இரண்டையும் கோத்தால் அதுவும் ஒரு பிழைதான் (சற்று முன் நானே அப்படி எழுதியிருக்கிறேன் பாருங்கள், அவ்வளவு சுலபமாக வந்துவிடும்).

நம் வரைவுக்கு வருவோம். கணக்கெடுப்பின் பெயரிலேயே 'நுகர்வுச் செலவு' இருக்கிறது. 20,310 என்பது செலவு. ஆக 'வருமான இடைவெளி', 'சம்பாதித்து' இரண்டும் போகின்றன. செலவை வருமானம் என்று எழுதுவது இந்த வகைச் செய்திகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. செலவில் இடைவெளி பொதுவாக வருமானத்தில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் கையில் நிறைய வருகிறவர்கள் ஒரு பகுதியைச் சேமிக்கிறார்கள், போதாதவர்கள் கடன் வாங்கியாவது செலவழிக்கிறார்கள்.

## 2. கோட்டை யார், எங்கே போட்டார்கள் என்று பாருங்கள்

அளவை தெரிந்தால் அடுத்து எல்லை. எத்தனை ரூபாய்க்குக் கீழே, எத்தனை சதவீதத்துக்கு மேலே? கோடு போட்டவர் அரசா, ஆய்வாளரா, இல்லை நாமேவா?

'வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள்' என்பதை நிறையப் பேர் நடுநிலையான சொல் என்று நம்பிப் பயன்படுத்துகிறார்கள். நடுநிலைதான், எந்தக் கோடு என்று சொன்னால். டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-ல் அந்தக் கோடு கிராமத்தில் ஒரு நபருக்கு மாதம் ரூ.816, நகரத்தில் ரூ.1,000, நாட்டில் 21.9 சதவீதம் பேர் அதற்குக் கீழே. அதே வருஷத்துக்கு ரங்கராஜன் குழு போட்ட கோடு ரூ.972, ரூ.1,407, கீழே இருந்தவர்கள் 29.5 சதவீதம். ஆள் மாறவில்லை, காசு மாறவில்லை, கோடு மட்டும்தான் மேலே போனது. உலக வங்கி தன் கோட்டை 2025 ஜூனில் நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. அந்த டாலரும் சந்தை மாற்று விகித டாலர் இல்லை, வாங்கும் சக்தியைச் சமன்செய்த கணக்கு. அதை இன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி எழுதாதீர்கள்.

நிதி ஆயோக்கின் பலபரிமாண வறுமைக் குறியீடு இன்னொரு வகை. அதில் ரூபாயே கிடையாது. சத்துணவு, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை என்று 12 குறிகாட்டிகள். 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 2.20 சதவீதம், நாட்டில் 14.96 சதவீதம். இந்த 2.20-ஐ 'தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதமே' என்று தலைப்பாக்கினால், வாசகர் அதைக் காசு இல்லாதவர்களின் எண்ணிக்கையாகத்தான் படிப்பார். 'பலபரிமாண வறுமையில் இருப்பவர்கள்' என்று எழுதி, அடுத்த வரியில் அது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

நம் வரைவில் கோடு வேறு மாதிரி. ரூபாய்க் கோடு இல்லை, வரிசைக் கோடு. எல்லோரையும் தலா மாதச் செலவுப்படி வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள 5 சதவீதம், கீழே உள்ள 5 சதவீதம் என்று வெட்டியிருக்கிறார்கள். வரிசையில் கடைசியில் இருப்பவர் என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அவர் எந்த வறுமைக்கோட்டுக்கும் கீழே என்று இந்த அட்டவணை சொல்லவில்லை.

## 3. இப்போது கீழ்ப்பக்கத்துக்குச் சொல் தேடுங்கள்

அளவை + எல்லை + மனிதர்கள். இதுதான் வாய்பாடு. 'மாத வருமானம் ரூ.15,000-க்குக் குறைவாக உள்ள குடும்பங்கள்', 'செலவு வரிசையில் கடைசி 5 சதவீதத்தினர்', 'சொந்த நிலம் இல்லாத விவசாயத் தொழிலாளர்கள்'. நீளமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முதல் முறை மட்டும் முழுசாக எழுதுங்கள், அடுத்த முறை 'இக்குடும்பங்கள்', 'இப்பிரிவினர்' போதும். தமிழில் சுட்டு இவ்வளவு வசதியாக இருக்கும்போது திரும்பத் திரும்ப ஒரு பட்டம் கட்ட வேண்டியதில்லை.

எல்லை தெரியாத பொதுவான இடங்களில் 'குறைந்த வருமானம் உள்ளவர்கள்', 'வறுமையில் வாழும் மக்கள்' என்ற இரண்டும் பெரும்பாலும் தாங்கும். 'வறுமையில் வாழும்' ஏன் 'ஏழை'யைவிட மேல் என்றால், அது நிலையைச் சொல்கிறது, ஆளுக்குப் பெயர் வைப்பதில்லை. போன வருஷம் இருந்தார்கள், இந்த வருஷம் வெளியே வந்துவிட்டார்கள் என்று எழுத இடம் கொடுக்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'வறிய குடும்பங்கள்' சகஜம். அங்கே அரசு நிதியுதவி தரும் அஸ்வெசும திட்டமே குடும்பங்களை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது, அதில் வறிய, மிகவும் வறிய என்பவை இரண்டு பிரிவுகள். அதனால் அந்தத் திட்டம் பற்றிய செய்தியில் 'வறிய'வை இஷ்டத்துக்கு மாற்றினால் தகவல் பிழையாகிவிடும்.

வழுக்கும் சொற்கள் என்று தனியாகச் சில உண்டு.

'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்' கேட்கப் பதவிசாக இருக்கிறது, ஆனால் இந்தியாவில் அது சட்டச் சொல். 2019-ன் 103-வது அரசியல் சட்டத் திருத்தப்படி வந்த 10 சதவீத இடஒதுக்கீட்டில் அதன் பொருள், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் வராத, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குக் குறைவானவர்கள். அதே பெயர் பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ளவர்களைக் குறிக்கிறது, சாதிக் கணக்கு இல்லாமல். பொதுவாக 'ஏழை'க்குப் பதிலாக இதைப் போட்டால், மாதம் அறுபதாயிரம் வாங்கும் ஒரு குடும்பத்தை உள்ளே இழுத்து, தினக்கூலிக்குப் போகும் ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்தை வெளியே தள்ளுகிறீர்கள்.

'பின்தங்கியவர்கள்', 'ஒடுக்கப்பட்டவர்கள்', 'விளிம்புநிலை மக்கள்' மூன்றும் சமூக நிலையைச் சொல்பவை. சாதியும் வறுமையும் நம் ஊரில் பின்னிக் கிடக்கின்றன என்பது உண்மை, அந்தப் பிணைப்பே செய்தி என்றால் தரவோடு தனியாக எழுதுங்கள். ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போடுவது அதை மறைக்கத்தான் செய்யும்.

'பாமர மக்கள்' என்றால் படிக்காதவர் என்று ஒலிக்கும். 'அன்றாடங்காய்ச்சி' இளக்காரம். 'குடிசைவாசி' ஒருவரை அவர் கூரையால் அடையாளம் காட்டுகிறது. தமிழக அரசே குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டது, நம் டெஸ்க்கில் மட்டும் பழைய பழக்கம் போகவில்லை. 'ஏழை எளிய' அரசுச் செய்திக் குறிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது, இரட்டைச் சொல்லாக வருவதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. எதைச் சொல்கிறது அது? யாருக்கும் தெரியாது. வெட்டிவிடுங்கள்.

இந்தப் படியிலேயே எதிர்ப்பக்கப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லை மென்மையாக்கி மென்மையாக்கி, சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களை 'வசதி குறைந்தவர்கள்' என்று எழுதுவார்கள். ஏசி இல்லாத வீடும் வசதி குறைந்ததுதானே. அடுப்பு எரியாத வீட்டுக்கு அது பொருந்தாது. சார்பில்லாமல் எழுதுவது என்றால் மங்கலாக எழுதுவது இல்லை. மூன்று வேளையும் சாப்பிட முடியாத குடும்பம் என்றால் அப்படியே எழுதுங்கள், அது தீர்ப்பு இல்லை, தகவல்.

## 4. மேல்பக்கத்துக்கும் அதே கண்டிப்போடு தேடுங்கள்

கீழ்ப்பக்கத்துக்கு மெனக்கெட்டு எழுதிவிட்டு மேல்பக்கத்தில் 'பணமுதலைகள்', 'கொழுத்த பணக்காரர்கள்' என்று விட்டுவிடுவது புதியவர்களிடம் ரொம்ப சகஜம். அநியாயத்தைச் சொல்கிறோம் என்ற நினைப்பு. எண் அதைச் சொல்லும், நீங்கள் சொல்லத் தேவையில்லை. அதே போல எதிர்த்திசையில் 'செல்வச் சீமான்', 'உழைப்பால் உயர்ந்தவர்', கடை வைத்திருப்பவர் எல்லோருக்கும் 'தொழிலதிபர்' என்று வாரி வழங்குவதும் தீர்ப்புதான், பாராட்டுத் தீர்ப்பு.

இங்கே பெரிய குழி 'கோடீஸ்வரர்'. ஆங்கிலக் காப்பியில் 'பில்லியனர்' என்று இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கோடீஸ்வரர் ஆக்கிவிடுகிறார்கள். பில்லியனர் என்றால் 100 கோடி டாலர், நம் கணக்கில் எட்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கோடீஸ்வரர் என்றால் ஒரு கோடி ரூபாய் இருந்தாலே போதும், சென்னையில் பல பகுதிகளில் இரண்டு படுக்கையறை வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரே ஆகிவிடுவார். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசத்தை ஒரு சொல் விழுங்குகிறது. 'நூறு கோடி டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்கள்' என்று எழுதுங்கள், அடுத்த முறை 'இந்தப் பட்டியலில் உள்ளவர்கள்'. ஹுருன் இந்தியப் பட்டியல் என்றால் எல்லை வேறு, ரூ.1,000 கோடி, அதையும் ஃபோர்ப்ஸ் பட்டியலையும் ஒரே செய்தியில் கலக்காதீர்கள்.

சரி, நம் வரைவில் 'கோடீஸ்வரர்கள்' யார்? கால்குலேட்டரை எடுங்கள். 20,310 என்பது ஒரு நபருக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாலால் பெருக்கினால் ரூ.81,240. அதாவது மாதம் எண்பதாயிரம் சொச்சம் செலவழிக்கும் வீடு. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, ஒரு கார் என்று இருக்கும் ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். அவர்களைப் பிடித்துக் கோடீஸ்வரர் என்றால் அவர்களே நம்ப மாட்டார்கள். நிஜமான பெரும் சொத்துக்காரர்கள் இந்த மாதிரி வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் சரியாகச் சிக்குவதில்லை, எண்ணிக்கையில் குறைவு, கதவும் சுலபத்தில் திறக்காது. ஆகவே 'பணக்காரர்' என்று எழுதினால், அட்டவணையில் இல்லாத ஆளை வாசகர் மனதில் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

இந்தப் பெருக்கலைக் கீழ்ப்பக்கத்துக்கும் செய்யுங்கள்: 2,376 நாலால் பெருக்கினால் ரூ.9,504. 'வெறும்' என்று போடாமலே வாசகருக்கு உறைக்கும்.

## 5. விகுதியைப் பாருங்கள், தீர்ப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்

பெயர்ச்சொல்லைச் சரிசெய்துவிட்டு வினைமுற்றைக் கவனிக்காமல் விடுவது தமிழ் டெஸ்க்குக்கே உரிய பிழை. 'தொழிலதிபர் தெரிவித்தார்', 'அதிகாரி விளக்கினார்', ஆனால் 'கூலித் தொழிலாளி சொன்னான்', 'பெண் அழுதாள்'. குற்றச் செய்திகளில் இன்னும் மோசம், ஒரே வழக்கில் கம்பெனி இயக்குநர் 'கைது செய்யப்பட்டார்', அவருடைய டிரைவர் 'பிடிபட்டான்'.

'ஏழை' என்ற சொல்லில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 'பணக்காரன்' என்பதற்குப் 'பணக்காரர்' என்று மரியாதை வடிவம் தனியாக இருக்கிறது. 'ஏழை'க்கு இன்றைய செய்தி நடையில் அப்படி 'ர்' விகுதி வருவதில்லை. பன்மையிலும் 'பணக்காரர்கள்', 'ஏழைகள்' என்று ஒரே வரியில் நிறுத்தினால் ஒன்றில் 'அர்' இருக்கிறது, மற்றதில் இல்லை. இலக்கணப்படி இரண்டும் சரிதான், காதுக்குச் சமமாக விழவில்லை. 'குடும்பங்கள்', 'மக்கள்', 'பிரிவினர்' போன்ற சொற்களை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

செய்யும் வழி சுலபம். முழுச் செய்தியையும் ஒருமுறை வினைமுற்றுகளை மட்டும் பார்த்துப் படியுங்கள். எல்லோருக்கும் 'ஆர்', எல்லோருக்கும் 'அனர்'. விதிவிலக்கே வேண்டாம்.

## 6. வினையும் அடையும்

'காலம் தள்ளுகின்றனர்', 'தவிக்கின்றனர்', 'ஆடம்பரமாக வாழ்கின்றனர்', 'குவித்துள்ளனர்'. பெயர்ச்சொல்லைத் துடைத்துவிட்டு இவற்றை விட்டுவைத்தால் பயனில்லை. 20,310 ரூபாய் எதில் போனது என்று பார்க்காமல் ஆடம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? மருத்துவச் செலவாகக்கூட இருக்கலாம். 'செலவிட்டுள்ளனர்' போதும், இரண்டு பக்கத்துக்கும் அதே வினை.

'வெறும்', 'மட்டுமே', 'பாவப்பட்ட', 'கூட' ஆகியவற்றைத் தேடி எடுங்கள். 'ஏழை மாணவி சாதனை' என்பதில் வரும் 'ஏழை'யும் இந்த வகைதான். வீட்டு நிலைமை அந்தச் செய்திக்குத் தேவை என்றால் 'தந்தை கட்டட வேலைக்குச் செல்கிறார், தாய் நூறு நாள் வேலைக்குச் செல்கிறார்' என்று செய்தியின் உள்ளே எழுதலாம், அந்த மாணவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

## 7. தலைப்பு

இங்கேதான் சண்டை வரும். 'அளவை + எல்லை + மனிதர்கள்' என்று எழுதினால் தலைப்பு நான்கு வரி போகிறது என்பார் பக்கம் போடுகிறவர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

வழி என்னவென்றால், தலைப்பில் மனிதர்களுக்குப் பெயர் வைக்கவே வேண்டாம், இடைவெளிக்குப் பெயர் வையுங்கள். 'நகரச் செலவில் எட்டரை மடங்கு இடைவெளி'. 20,310-ஐ 2,376-ஆல் வகுத்தால் 8.5 வருகிறது, முடிந்தது. சின்னதும்கூட. 'ஏழை - பணக்காரர் இடைவெளி அதிகரிப்பு' என்பதைவிட இதில் தகவலும் கூடுதல். 'அதிகரிப்பு' என்று போட வேண்டுமானால் முந்தைய கணக்கெடுப்பின் எண் கையில் இருக்க வேண்டும். 2022-23-ல் நகரத்தில் இவை ரூ.20,824, ரூ.2,001, அதாவது பத்து மடங்குக்கு மேல். இடைவெளி குறைந்திருக்கிறது! நம் வரைவின் தொனியை வைத்து யாராவது 'அதிகரிப்பு' என்று தலைப்பிட்டிருந்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டியதுதான்.

## 8. மேற்கோளிலும் திட்டப் பெயரிலும் கை வைக்காதீர்கள்

"நாங்க ஏழைங்க சார், எங்களுக்கு யார் இருக்கா" என்று ஒருவர் சொன்னால் அது அவர் சொல். மேற்கோள் குறிக்குள் அதை 'குறைந்த வருமானம் உள்ளவர்கள்' ஆக்கினால் அவர் வாயில் நாம் பேசுகிறோம். அமைச்சர் 'ஏழை எளிய மக்களுக்காக' என்று பேசினாலும் அப்படியே, மேற்கோளுக்குள். வெளியே நம் வாக்கியத்தில் மட்டும் அது நுழையக் கூடாது.

பயனாளிகளைச் சொல்லும்போது திட்டத்தின் தகுதி வரம்பையே பெயராக எடுத்துக்கொள்ளலாம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அறிவிக்கப்பட்டபோது ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குக் குறைவு, நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மிகாத நிலம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைந்த மின்சாரம் என்று நிபந்தனைகள் வைத்தார்கள். 'ஏழைப் பெண்களுக்கு மாதம் ரூ.1,000' என்பதைவிட 'ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குக் குறைவான குடும்பங்களின் பெண்களுக்கு' என்பதில், படிக்கிறவருக்குத் தன் வீடு உள்ளே வருமா வராதா என்றாவது ஓரளவு தெரியும்.

## 9. வரைவை மறுபடி எழுதி, திருப்பிப் போட்டுப் பாருங்கள்

எட்டுப் படியும் தாண்டினால் நம் வரைவு இப்படி வரும்:

"நகர்ப்புறங்களில் தலா மாதச் செலவில் மேலே உள்ள 5 சதவீத மக்கள், 2023-24-ல் ஒரு நபருக்கு மாதம் சராசரியாக ரூ.20,310 செலவிட்டுள்ளனர். இந்த வரிசையில் கடைசி 5 சதவீத மக்கள் ரூ.2,376 செலவிட்டுள்ளனர். இடைவெளி சுமார் எட்டரை மடங்கு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கிட்டால் இவை முறையே சுமார் ரூ.81,000, ரூ.9,500 ஆகும். கிராமப்புறங்களில் இதே பிரிவினரின் செலவு ரூ.10,137, ரூ.1,677, இடைவெளி ஆறு மடங்கு. இந்த எண்கள் செலவை மட்டுமே காட்டுகின்றன, வருமானத்தையும் சொத்தையும் அல்ல."

இப்போது சோதனை. மேல்பிரிவையும் கீழ்ப்பிரிவையும் இடம் மாற்றிப் படியுங்கள், எண்களைத் தவிர ஏதாவது சொல் உறுத்துகிறதா? 'செலவிட்டுள்ளனர்' இரண்டுக்கும் ஒட்டுகிறது, 'மக்கள்' ஒட்டுகிறது. பழைய வரைவில் மாற்றிப் பாருங்கள்: 'பணக்காரர்கள் காலம் தள்ளுகின்றனர்' என்று வரும், சிரிப்பு வரும். சிரிப்பு வரும் இடத்தில்தான் தீர்ப்பு இருக்கிறது.

இந்தப் பத்தி சப்பென்று இருக்கிறது என்று ரிப்போர்ட்டர் முறைத்துக்கொள்வார். அவருக்கு உயிர் வேண்டுமென்றால், 9,500 ரூபாயில் மாதம் ஓட்டும் ஒரு வீட்டுக்கும் 81,000 ரூபாயில் ஓட்டும் ஒரு வீட்டுக்கும் போய், மளிகைச் சீட்டையும் பள்ளிக் கட்டண ரசீதையும் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் அதே கேள்விகள், அதே நீளம்.

## 10. படம், குறிச்சொல், இணைய முகவரி

செய்தி சரியாகிவிட்டாலும் இவை மூன்றும் தனியாகத் தப்பித்துப் போய்விடும். படக் களஞ்சியத்தில் 'வறுமை' என்று தேடினால் கூவம் கரைக் குழந்தைகள் படம் வரும், பத்து வருஷம் பழையதாகக்கூட இருக்கும். அந்தக் குழந்தைகள் இந்தக் கடைசி 5 சதவீதத்தில் இருக்கிறார்கள் என்று நமக்கு யார் சொன்னது? செலவுக் கணக்கெடுப்புக்குக் காய்கறிச் சந்தைப் படமோ ஒரு வரைபடமோ போதும், வரைபடத்தில் இரண்டு பிரிவுக்கும் சிவப்பு, பச்சை போடாமல் ஒரே நிறத்தின் இரு அடர்த்திகளைப் போடச் சொல்லுங்கள். குறிச்சொல் பெட்டியில் 'ஏழைகள்' என்று தானாக நிரம்பியிருந்தால் 'நுகர்வுச் செலவு' என்று மாற்றுங்கள். இணைய முகவரி முதல் வரைவின் தலைப்பிலிருந்து உருவாகியிருக்கும், தலைப்பை மாற்றினாலும் அது மாறாது. வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் மாற்றினால் பகிர்ந்தவர்களின் இணைப்பு உடைந்துவிடும்.